வாளி நீர் சூடாக எவ்வளவு நேரம்?

மார்கழிக் காலையில் எங்கள் சென்னை வீட்டில் 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 1500 வாட் ஹீட்டர் கம்பி கணக்குப்படி பத்தரை நிமிடமே எடுக்க வேண்டும்:

15 × 4.2 × 15 = 945 kJ
945 ÷ 1.5 = 630 s

ஆனால் 14 நிமிடம் ஆயிற்று. போர்வெல் உப்பு படிந்ததே காரணம் என்று வீட்டில் அனைவரும் கூறினர். எனினும், கம்பி மூழ்கியிருக்கும்வரை, படிவம் இருந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் நீருக்குள்தான் வெப்பமாகச் சேரும். ஆகவே மற்ற கருவிகளை அணைத்துவிட்டு, யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் எங்கள் மின்மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணினேன். நிமிடத்துக்கு 80 வர வேண்டிய இடத்தில் 60 மட்டுமே வந்தது. அதாவது உண்மையான திறன் சுமார் 1125 வாட்.

எலக்ட்ரீஷியன் அளந்தபோது மின்னழுத்தம் 230-க்குப் பதில் 200 வோல்ட்டாக இருந்தது. திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 13 சதவீதக் குறைவு திறனில் ஏறத்தாழ கால்பங்கைக் குறைத்துவிடுகிறது. புதிய கம்பி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, காலை நேரத்துக்கு டைமரை 14 நிமிடத்துக்கு மாற்றிவைத்தேன். பிளக்கைக் கழற்றிய பிறகே நீரைக் கலக்கித் தொட்டுப் பார்க்கிறோம். கலக்காத வாளியில் மேல்நீர் மட்டும் கொதிப்பாக இருக்கும்.