வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ ஏன் மங்கிப் போகிறது? ஒரிஜினலை அப்படியே அனுப்பி, சேமிப்பது எப்படி?

வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எந்த விசேஷத்துக்கு எடிட்டரிடம் போனாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "போன்ல எடுத்த கிளிப்பெல்லாம் குடுங்க, ஆனா வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா போடுங்க." பலர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே அனுப்புகிறார்கள். எடிட்டர் அதையே டைம்லைனில் போட்டு, பெரிய டிவியில் ஓட்டும்போதுதான் பட்டுப்புடவையின் ஜரிகை எல்லாம் மஞ்சள் பூச்சாகத் தெரிகிறது.

ஒரு வளைகாப்பு கிளிப்பையே எடுத்துக்கொண்டு, அது போகும் வழியைப் பார்ப்போம்.

ஒரிஜினலில் என்ன இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போனில் 1080 தரத்தில் எடுத்த கிளிப், நீளம் 1 நிமிடம் 40 விநாடி. பல போன்கள் இந்தத் தரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 17 மெகாபிட் எழுதுகின்றன. 100 விநாடிக்கு 1,700 மெகாபிட். எட்டால் வகுத்தால் சுமார் 210 எம்பி. உங்கள் போனில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். கேலரியில் வீடியோவைத் திறந்து, மேலே தள்ளியோ மூன்று புள்ளியைத் தொட்டோ Details பார்த்தால் அளவும் 1920×1080 என்ற எண்ணும் தெரியும்.

அனுப்பும் முன் அந்த இரண்டையும் கோப்பின் பெயரையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் சரிபார்க்க உதவும்.

மங்குவது எந்த இடத்தில்?

நெட் ஸ்லோ, அதனால்தான் மங்கிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வாட்ஸ்அப்பில் போவதெல்லாம் அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் சர்வருக்கு உள்ளே இருக்கும் படம் தெரியாது. தெரியாததை அது சுருக்கவும் முடியாது. ஆகவே சுருக்கும் வேலை முழுக்க உங்கள் கையில் இருக்கும் போனிலேயே, வீடியோ கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது.

இதனால்தான் பெற்றவர் எவ்வளவு நல்ல போன் வைத்திருந்தாலும், எந்த ஆப்பைப் போட்டுத் "தெளிவாக்கினாலும்" ஒரிஜினல் திரும்பாது. அது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. எடுத்தவரிடம் திரும்பக் கேட்பது ஒன்றே வழி.

கேலரி ஐகான் வழியாகச் சாதாரணமாக அனுப்பினால் 1080 வரிகள் இருந்த படம் 480 அளவுக்கு இறங்குகிறது. 1920×1080 என்றால் ஒரு ஃப்ரேமில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 848×480 என்றால் 4 லட்சத்துச் சொச்சம். ஐந்தில் நான்கு பங்கு புள்ளிகள் இங்கேயே காலி. மீதமுள்ள புள்ளிகளுக்கும் ஒதுக்கும் பிட் குறைவுதான், அதனால் 210 எம்பி கோப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

பிட் குறைவதன் அடையாளத்தைக் கண்ணால் பார்க்கலாம். வீடியோ கோப்பு ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதி வைப்பதில்லை. போன ஃப்ரேமுக்கும் இதற்கும் என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. வளைகாப்புப் பெண் மணையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் சுவர் அசையவில்லை, எழுத வேண்டியது கொஞ்சம்தான், படம் ஓரளவு நன்றாகவே இருக்கும். அடுத்து நாலைந்து பேர் சேர்ந்து பூ தூவுகிறார்கள். நூற்றுக்கணக்கான இதழ்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். ஃப்ரேம் முழுக்கவே மாறுகிறது, எழுத இடமோ இல்லை. அந்த இரண்டு விநாடிக்கு முகமும் இதழ்களும் கட்டம் கட்டமாகக் குழம்பிப்போகும். பூ தரையில் விழுந்ததும் படம் மறுபடி தெளியும். சீரியல் லைட் மினுக்கும் இடம், ஆரத்தி சுற்றும் இடம், கேமராவை வேகமாகத் திருப்பிய இடம் எல்லாவற்றிலும் இதே கதைதான். கிளிப் சுருங்கியதா என்று சந்தேகம் வந்தால் இந்த மாதிரி இடத்தில் நிறுத்திப் பாருங்கள், அமைதியான ஷாட்டில் பார்த்து ஏமாறாதீர்கள்.

HD பட்டன் போதாதா?

2023 ஆகஸ்டில் வீடியோவுக்கும் HD வசதி வந்தது. அனுப்பும் முன் மேலே தெரியும் HD-யைத் தொட்டால் 480-க்குப் பதில் 720 அளவில் போகும். வாட்ஸ்அப்பின் Settings-ல் Storage and data உள்ளே Media upload quality என்று இருக்கும். அதில் HD quality வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொட வேண்டியதில்லை.

ஊரில் இருக்கும் பாட்டி போனில் பார்ப்பதற்கு இது தாராளம். ஆனால் 720 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், ஒரிஜினலில் பாதிகூட இல்லை, சுருக்கமும் நடந்தே இருக்கிறது. எடிட்டருக்கோ, காலம் முழுக்க வைத்துக்கொள்ளவோ இது உதவாது.

டாக்குமெண்டாக அனுப்பும் முறை

டாக்குமெண்ட் என்று போனால் வாட்ஸ்அப் அதை வீடியோவாகப் பார்ப்பதே இல்லை. பிடிஎஃப் அனுப்புவதுபோல ஒரு பைட் மாறாமல் அப்படியே அனுப்பிவிடும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம்.

1. சாட்டைத் திறந்து, எழுதும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள பேப்பர் கிளிப் குறியைத் தொடுங்கள். ஐபோனில் அது + குறி.
2. வரும் பட்டியலில் Gallery-யையோ Photos-ஐயோ தொடாமல், Document-ஐத் தொடுங்கள்.
3. ஆண்ட்ராய்டில் கோப்புகளைத் தேடும் வழியில் உள்ளே போனால் DCIM என்ற ஃபோல்டரில் Camera இருக்கும். அங்கே உங்கள் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள்.
4. அனுப்பும் முன் அளவைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த 210 எம்பியை ஒட்டி இருந்தால் சரி.

ஐபோனில் ஒரு வேலை கூடுதல். Photos-ல் வீடியோவைத் திறந்து, Share தொட்டு, Save to Files மூலம் ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, பிறகு Document வழியாக அந்த ஃபோல்டரிலிருந்து எடுங்கள். ஐபோன் வீடியோக்கள் பெரும்பாலும் HEVC வகையில், .MOV என்ற பெயரில் இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு போனிலோ விண்டோஸ் கணினியிலோ சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போனால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அங்கே VLC போட்டுத் திறந்து பாருங்கள்.

நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அப்லோட் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் இந்தக் கிளிப் போக 5 நிமிடம் 40 விநாடி ஆகும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவர் இதுபோல ஏழு கிளிப் அனுப்பினால் அன்றைய டேட்டா முடிந்தது. வைஃபை இருக்கும் இடத்தில் உட்கார்ந்து அனுப்புவது நல்லது. பெறுபவருக்கும் இது தானாக இறங்காமல் இருக்கலாம், ஒரு தடவை தொட்டு இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தொடாமல் விட்டால் சர்வரில் இருந்தே போய்விடும், மறுபடி அனுப்பச் சொல்லும்.

பெற்றவர் எங்கே தேடுவது?

முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். "வந்துச்சுன்னு காட்டுது, கேலரியில காணோமே" என்பார்கள். டாக்குமெண்டாக வந்த வீடியோ பல போன்களில் கேலரியில் தெரியாது. ஃபைல் மேனேஜரைத் திறந்து இந்த வழியில் போக வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents
```

அங்கிருந்து அதை DCIM-க்கோ, நீங்களே தொடங்கிய "வளைகாப்பு" ஃபோல்டருக்கோ காப்பி செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் ஃபோல்டரிலேயே விட்டு வைத்தால், இடம் போதவில்லை என்று சாட்டைச் சுத்தம் செய்யும் நாளில் வீடியோவும் சேர்ந்து போகும். ஐபோனில் வந்த கோப்பைத் திறந்து, Share வழியாக Save to Files கொடுங்கள். கணினியில் WhatsApp Web வைத்திருக்கும் எடிட்டருக்கு வேலை சுலபம்: Download கொடுத்தால் நேராக Downloads ஃபோல்டருக்கு வந்துவிடும்.

வந்தது ஒரிஜினல்தானா?

முதலில் பெயரைப் பாருங்கள். `VID-20250614-WA0007.mp4` என்பதுபோல நடுவில் WA வந்தால் அது வாட்ஸ்அப் சுருக்கிய பிரதி. கேமரா வைத்த பெயரே இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் பெயரை யாரும் மாற்றலாம் என்பதால் அளவையும் 1920×1080 என்பதையும் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தினால் நம்பலாம். ஒரே கோப்புதான் என்று நூறு சதவீதம் உறுதி வேண்டும் என்பவர்கள் விண்டோஸில் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் Command Prompt-ஐத் திறந்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி, இரண்டு பிரதிக்கும் இதை ஓட்டிப் பார்க்கலாம்:

```
certutil -hashfile VID_20250614_101530.mp4 SHA256
```

இரண்டு பக்கமும் வரும் நீளமான எழுத்துத் தொடர் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்கூட மாறவில்லை.

இன்னொரு விஷயம். வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை உள்ளேயே ஃபார்வர்டு செய்தால் அதே கோப்புதான் போகும், மேலும் கெடாது. கேலரியில் சேமித்துவிட்டு, அங்கிருந்து புதிதாக அனுப்பினால்தான் ஏற்கெனவே சுருங்கியது மறுபடி சுருங்கும். டாக்குமெண்டாக வந்த ஒரிஜினலுக்கும் இந்த ஆபத்து உண்டு: பெற்றவர் அதைக் கேலரி வழியாக அடுத்தவருக்கு அனுப்பினால் அவருக்குப் போவது மங்கல் பிரதிதான்.

கிளிப் நிறைய இருந்தால்

இருபது முப்பது கிளிப் என்றால் டாக்குமெண்ட் வழி பொறுமையைச் சோதிக்கும். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் ஏற்றி, Share-ல் Anyone with the link வைத்து இணைப்பை அனுப்புங்கள். இலவச இடம் 15 ஜிபி, அதை உங்கள் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்கிட்டுக்கொள்ளும். இணைப்பைத் தொட்டவுடன் அங்கேயே ஓடும் படம் வெறும் முன்னோட்டம், ஏற்றிய புதிதில் ரொம்பவே மங்கலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "டிரைவும் கெடுத்துடுச்சு" என்பவர்கள் உண்டு. Download கொடுத்து இறக்கிய பிறகுதான் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும். எடிட்டர் இறக்கி முடித்ததும் ஃபோல்டரின் பகிர்வை நிறுத்திவிடுங்கள். குடும்ப வீடியோ திறந்த இணைப்பில் கிடக்க வேண்டாம்.

கூகுள் போட்டோஸ் இணைப்பு அனுப்புவதாக இருந்தால், முதலில் அதன் Backup quality எப்படி இருக்கிறது என்று பாருங்கள். Storage saver என்றிருந்தால் கிளவுடில் இருப்பதே சுருக்கிய பிரதி. 4K-யில் எடுத்தது 1080-க்கு இறங்கியிருக்கும். Original quality என்றிருந்தால் பிரச்சினை இல்லை. Storage saver-ல் இருப்பவர்கள் Free up space-ஐத் தொடும் முன், வேண்டிய கிளிப்புகளை ஒரு பென் டிரைவிலோ கணினியிலோ காப்பி எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டன் போனிலிருந்து நீக்குவது உங்களிடம் இருக்கும் ஒரே ஒரிஜினலாக இருக்கலாம்.