ஆயில் வெப்பநிலை முள், வோல்ட்மீட்டர் முள்: எது இயல்பு, எது கோளாறு?

என்னுடைய கூபே காருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. கியர் கம்பிக்கு முன்னால் அதில் மூன்று சிறிய வட்ட மீட்டர்கள் உள்ளன: ஆயில் அழுத்தம், ஆயில் வெப்பநிலை, வோல்ட்மீட்டர். சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு முகப்பு விளக்கைப் போட்டதும் வோல்ட்மீட்டர் முள் 12.5 வோல்ட்டுக்கு இறங்கியது. அதே நொடியில் ஆயில் முள் 95 டிகிரியிலிருந்து 110க்குத் தாவியது. ஆல்டர்னேட்டர் பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து அதை மாற்றினேன். புதியதைப் பூட்டிய பிறகும் இரண்டு முட்களும் அப்படியேதான் நடந்துகொண்டன. உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்த வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வோல்ட்மீட்டரை மூன்று நிலைகளில் பாருங்கள்

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் முள் 12க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் பேட்டரியில் சார்ஜ் குறைந்துள்ளது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் முள் 10 வரை சரிவது இயல்பு. சில வண்டிகளில் அந்த நொடியில் மீட்டருக்கான இணைப்பே துண்டிக்கப்படுவதால், முள் அடிமட்டத்துக்கு விழுந்து எழும். அதுவும் கோளாறு அன்று.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது சரியான நிலை. முகப்பு விளக்கு, ஊதுவிசிறி, பின்கண்ணாடி சூடேற்றி ஆகிய மூன்றும் எரியும் நேரத்தில் சிக்னலில் நின்றால் முள் 13 அருகே இறங்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2000 சுற்றுக்குக் கொண்டுபோனதும் அது மேலே திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் பெல்ட் நழுவுகிறதா, ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். முள் 15ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலும் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். பேட்டரி திரவம் கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும். பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

படி 2: ஆயில் முள்ளுக்கு நேரம் கொடுங்கள்

ரேடியேட்டர் நீரின் முள் சில நிமிடங்களிலேயே நடுவுக்கு வந்துவிடும். ஆயில் அவ்வளவு விரைவாகச் சூடாகாது, பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் தேவைப்படும். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷே 911 வண்டிகளில் நீர் முள்ளே கிடையாது என்பதால், ஓட்டுநருக்கு இந்த ஆயில் முள்தான் துணை. முள் 70 டிகிரியைத் தாண்டும்வரை நான் 3000 சுற்றுக்கு மேல் போவதில்லை.

80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை அன்றாட ஓட்டத்துக்கு இயல்பானது. நெடுஞ்சாலையில் நீண்ட நேர வேகத்திலும் மலையேற்றத்திலும் 120 வரை போகலாம். 130ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து உயர் கியருக்கு மாறுங்கள். முள் இறங்கிய பிறகு வண்டியை நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து ஆயில் அளவைப் பாருங்கள். முள் எந்நாளும் 80ஐ எட்டவில்லை என்றால் அதையும் கவனிக்க வேண்டும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற பசையாகப் படியும்.

சென்சார் சில எஞ்சின்களில் அடித்தொட்டியிலும், சிலவற்றில் ஆயில் பில்டர் அருகிலும் இருப்பதால், வேறொருவர் வண்டியின் எண்ணோடு ஒப்பிடுவதைவிட உங்கள் வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே மேல்.

படி 3: முள் நகரும் வேகத்தைக் கவனியுங்கள்

நான் தவறியது இந்த இடத்தில்தான். எஞ்சினுக்குள் நான்கு லிட்டருக்கும் மேல் ஆயில் இருக்கிறது. அது ஒரே நொடியில் 15 டிகிரி சூடாகவே முடியாது. ஆகவே ஆயில் முள் மெல்ல ஏறினால் அது வெப்பம். விளக்கு சுவிட்சைத் தட்டியதும் தாவினால் அது மின்கோளாறு. வோல்ட்மீட்டரும் அதே நொடியில் அசைந்தால், இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவான ஓர் இணைப்பில், பெரும்பாலும் எர்த் இணைப்பில், பழுது இருக்கும்.

இதன் காரணம் எளியது. மீட்டர்களுக்குள் இருக்கும் சிறு பல்புகளும் அதே எர்த் வழியாகத்தான் இணைந்துள்ளன. இணைப்பு துருப்பிடித்திருந்தால், விளக்கு எரிந்ததும் அந்த மின்னோட்டம் துருவைக் கடக்கும்போது அங்கே ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கிவிடுகிறது. அந்த அளவு வோல்ட்மீட்டரில் குறைந்து தெரியும். ஆயில் சென்சார் எஞ்சின் உடலோடு தனியே எர்த் ஆகியிருப்பதால், இரு எர்த்துகளுக்கும் இடையே வந்த வேறுபாடு ஆயில் முள்ளை மேலே தள்ளுகிறது.

படி 4: இழப்பு எங்கே என்று அளந்து பாருங்கள்

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட்மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். அதுவும் பழைய ஒயர்களின் வழியாகவே அளக்கிறது. கூர்முனைக் கம்பிகள் கொண்ட சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், கார் நீளத்துக்கு ஓர் ஒயரும் போதும்.

எஞ்சின் ஓட, விளக்கு எரிய, என் காரில் பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் இருந்தது. வோல்ட்மீட்டரின் பின்புற முனைகளில் 12.5தான் வந்தது, 1.6 வோல்ட் வழியில் தொலைகிறது. பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மீட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளந்தேன்: 0.3. பழைய சாவி சுவிட்சுக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. மீட்டரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 1.3 இருந்தது. நல்ல எர்த்தில் இது 0.1 அளவில்தான் இருக்க வேண்டும்.

ஜெர்மன் வண்டிகளில் எர்த் ஒயர் பழுப்பு நிறம். அதைப் பின்தொடர்ந்து போனபோது, கன்சோலுக்குப் பின்னால் ஐந்து பழுப்பு ஒயர்கள் ஒரே போல்ட்டில் சேரும் இடம் கிடைத்தது. வளையங்களின் மேல் பச்சைக் களிம்பும் வெண்பொடியும் படிந்திருந்தன. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வளையத்தையும் அது அமரும் தகரத்தையும் கம்பி பிரஷால் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்கினேன். இப்போது வோல்ட்மீட்டர் 13.8இல் நிற்கிறது, விளக்கைப் போட்டாலும் ஆயில் முள் 95ஐ விட்டு அசைவதில்லை.

படி 5: ஆயில் முள் மட்டும் தவறினால்

சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். முள் அடிமட்டத்துக்கு விழ வேண்டும். அந்த ஒயரை ஒரு நொடி எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். முள் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் இயங்குகின்றன; சென்சாரைச் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய, சென்சாரைக் கழற்றி அதன் உடலை ஓர் ஒயரால் எஞ்சினோடு இணைத்து, நுனியை மட்டும் கொதிநீரில் பிடியுங்கள். முள் 100 அருகே வந்தால் சென்சார் நல்லது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், புதிய சென்சார் போட்ட பிறகும் முள் எழவே இல்லை என்று எழுதியிருந்தார். ஒயரை எஞ்சினில் தொட்டபோது முள் உச்சிக்குப் போனதாம். கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் டேப்பைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். இந்த வகை சென்சாருக்கு அந்த மரையே எர்த். டேப்பை எடுத்துவிட்டுச் செம்பு வாஷரோடு பூட்டியதும் முள் மெதுவாக எழுந்து 90இல் நின்றது.