வட்டியில்லாக் கைமாத்து: மாதத் தவணை போடும்போது எங்கே தப்புகிறது?

சொந்தக்காரர் ஒருவர் வட்டி வேண்டாம் என்று சொல்லிப் பணம் கொடுத்தால், திருப்பிக் கொடுக்கும் கணக்கும் சுலபம் என்றே தோன்றும். வாங்கிய தொகையை மாதங்களால் வகுத்தால் தவணை வந்துவிடப் போகிறது. அந்த வகுத்தலை யாரும் தப்பாகச் செய்வதில்லை. எதை வகுப்பது, எத்தனையால் வகுப்பது என்ற இடத்தில்தான் சறுக்குகிறோம். நான் சறுக்கிய இடங்களை வைத்தே சொல்கிறேன்.

2024 தொடக்கத்தில் எங்கள் வீட்டுத் தளம் ஒழுகத் தொடங்கியது. பெரியப்பா மகன் பிப்ரவரியில் 1,50,000 ரூபாயை என் கணக்குக்கு அனுப்பினார். மார்ச்சில் சிமென்ட், கம்பி வாங்கிய கடைக்கு அவரே நேரடியாக 20,000 ரூபாய் கட்டினார். ஏப்ரல் 5-ம் தேதி முதல் தவணை, 2025 டிசம்பரில் கடைசித் தவணை என்று பேசிக்கொண்டோம்.

முதல் தப்பு அசலிலேயே நடந்தது. வங்கிக் கணக்கில் வந்தது 1,50,000 மட்டுமே என்பதால் என் நோட்டில் அதை மட்டும் எழுதியிருந்தேன். கடைக்குப் போன 20,000 என் கை வழியாக வரவே இல்லை, அதனால் மனத்தில் கடனாகப் பதியவும் இல்லை. அண்ணனும் வாய் திறந்து கேட்கிறவர் இல்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவிதான் நினைவூட்டினாள். நமக்காக அவர் கட்டிய பில், அவருக்காக நாம் கட்டிய பில் எல்லாவற்றையும் முதலில் எழுதி, கூட்டிக் கழித்து, இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே தொகையாக்கிய பிறகுதான் தவணையைத் தொட வேண்டும். எங்களுக்கு அது 1,70,000.

அடுத்து மாதங்களை எண்ணுவது. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பிப்ரவரியில் பணம் வாங்கினோம் என்பதற்காக அந்த மாதத்திலிருந்தே எண்ணினால் 2025 டிசம்பர் வரை 23 மாதம் வரும். 1,70,000-ஐ 23-ஆல் வகுத்தால் 7,391. அதை 7,400 என்று வைத்துக்கொள்கிறோம். ஆனால் உண்மையில் பணம் கொடுக்கப்போவது ஏப்ரல் முதல், அதாவது 21 முறைதான். 21 முறை 7,400 கொடுத்தால் 1,55,400 ஆகும். கடைசி மாதத் தவணையையும் கொடுத்து முடித்த பிறகு இன்னும் 14,600 பாக்கி நிற்கும்.

மாறாக, பன்னிரண்டிலிருந்து நான்கைக் கழித்து 8, அதோடு 12 சேர்த்து 20 என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. கழிக்கும்போது ஏப்ரல் விடுபட்டுப்போகிறது. இந்தத் தப்பால் கொடுப்பவருக்கு நஷ்டமில்லை, நம் மாதச் சுமைதான் தேவையில்லாமல் கூடும். மாதங்களைக் கழித்துப் பார்க்காமல், ஏப்ரல் ஒன்று, மே இரண்டு என்று நோட்டில் வரிசையாக எழுதிவிடுங்கள். கடைசி வரியில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் தவணைகளின் எண்ணிக்கை.

21-ஆல் வகுத்தால் 8,095 ரூபாய் 24 பைசா. இதை எப்படி முழுத் தொகையாக்குவது? கீழே இறக்கி 8,000 வைத்தால், 20 மாதத்தில் 1,60,000 போக, கடைசி மாதம் 10,000 கொடுக்க வேண்டியிருக்கும். மேலே ஏற்றி 8,100 வைத்தால் 20 மாதத்தில் 1,62,000 போகும், கடைசித் தவணை 8,000. நான் எப்போதும் மேலேதான் ஏற்றுவேன், கடைசி மாதம் இளைப்பாறலாக இருக்கும். கணினியில் போடுகிறவர்களுக்கு இது போதும்:

```
=ROUNDUP(170000/21,-2)
```

வங்கிக் கடனுக்கான இணையக் கணிப்பான்கள் இந்த வேலைக்கு உதவாது. பல கணிப்பான்கள் வட்டி என்ற இடத்தில் 0 போட்டால் ஏற்காது. அவற்றில் இருக்கும் வழக்கமான சூத்திரத்தில் வட்டி 0 ஆனால் மேலும் கீழும் 0 வந்து நிற்கும். சரி, 1 சதவீதம் என்று போடுவோம் என்று நினைத்தால் தவணை சுமார் 8,170 ஆகி, மொத்தத்தில் ஏறக்குறைய 1,560 ரூபாய் கூடிவிடும். அண்ணன் கேட்காத வட்டி அது.

இனி, தவணை தவறுகிற மாதங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு தவணை ஒழுங்காகப் போனது. அக்டோபரில் அம்மாவுக்கு மருத்துவமனைச் செலவு வந்தது, அந்த மாதமும் நவம்பரும் கொடுக்க முடியவில்லை. “பரவாயில்லடா தம்பி, அம்மாவ பாரு, அடுத்த மாசத்துல இருந்து குடு” என்றார் அண்ணன். டிசம்பரில் கணக்கைத் திருத்த உட்கார்ந்தபோது நான் செய்தது இது: விட்டுப்போன 16,200-ஐப் பழைய 21-ஆலேயே வகுத்து, வந்த 771-ஐத் தவணையோடு சேர்த்து 8,900 என்று முடிவு செய்தேன். ஆனால் மிச்சமிருந்தது 13 மாதம்தான். 13 முறை 8,900 கொடுத்தால் 1,15,700 ஆகும், அப்போதும் 5,700 குறைகிறது.

தவணை தவறினால் பழைய எண்கள் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றைய பாக்கியை அன்றைக்கு மிச்சமுள்ள மாதங்களால் வகுக்க வேண்டும். ஆறு தவணையில் 48,600 போயிருந்தது, பாக்கி 1,21,400. அதை 13-ஆல் வகுத்தால் 9,338. நாங்கள் 9,350 வைத்தோம். பன்னிரண்டு தவணை 9,350, கடைசி 9,200. கூடுதலாக 1,250 ரூபாய் முடியாது என்றால் 8,100-ஐ மாற்றாமல் வைத்து, முடிவை 2026 பிப்ரவரிக்குத் தள்ளலாம்; அப்போது கடைசித் தவணை 8,000. இரண்டில் எது என்பதைக் கடன் வாங்கியவர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. 2025 டிசம்பரோடு பணம் முழுதும் வந்துவிடும் என்று நம்பி அண்ணன் எதற்காவது வாக்குக் கொடுத்திருக்கலாம். விட்டுப்போன இரண்டையும் டிசம்பர் தவணையோடு சேர்த்து 24,300 ஆகத் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்வதும் வேண்டாம், ஏற்கெனவே செலவில் இருக்கும் வீட்டில் அந்தத் தொகை பெரும்பாலும் வராது.

கையில் ரொக்கமாகக் கொடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தவணை 20,000-க்குக் கீழே இருப்பதால் ரொக்கமாகக் கொடுத்தால் தப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய வருமான வரிச் சட்டம் இதில் தவணையின் அளவைப் பார்ப்பதில்லை. கடன் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாக இருக்க வேண்டும். மீறினால், அப்படிக் கொடுத்த தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. யூபிஐ, வங்கிப் பரிமாற்றம், பெறுபவர் கணக்கில் மட்டுமே வரவாகும்படி கோடிட்ட காசோலை எதுவானாலும் சரி. கூடவே தேதியும் பதிவாகிவிடும்.

நாங்கள் ஒவ்வொரு 5-ம் தேதியும் வாட்ஸ்அப்பில் ஒரே வரி எழுதிக்கொண்டோம்: இன்று கொடுத்தது, இதுவரை கொடுத்தது, பாக்கி. கொடுத்ததையும் பாக்கியையும் கூட்டினால் எந்த மாதமும் 1,70,000 வர வேண்டும். வராவிட்டால் அந்த மாதமே தேடிவிடலாம், தப்பு அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருப்பவர்கள் அதில் முடிவுத் தேதியும் போடுங்கள், கடைசித் தவணையை அதில் சேர்க்காமல் கையால் அனுப்புங்கள். நான் நவம்பரோடு நிறுத்தி வைத்திருந்தேன். டிசம்பர் 5 அன்று இரண்டு பேரின் வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 9,200 அனுப்பினேன். பாக்கி என்ற இடத்தில் 0 என்று அண்ணனே எழுதினார்.