ராத்திரி வீட்டுக்குள் சினிமா லுக்: ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எந்த வரிசையில் வைப்பது?

பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டுப் பட்டாசலில், ஆச்சி பாக்கு வெட்டுவதை ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தேன். அந்த ஷாட்டை வைத்தே சொல்கிறேன். கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் உள்ளது, லென்ஸ் 50 எம்எம் f/1.8. மேனுவல் மோடுக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஷட்டர்

புதிதாக எடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். திரையில் மேலும் கீழுமாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும். கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொண்டு போனவர்களும் உண்டு. கோளாறு கேமராவில் இல்லை. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் பல எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், வெளிச்சம் ஒரே அளவாக இருக்கும். 1/60 என்றால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே விழும். அந்த அரைகுறைதான் பட்டையாகத் தெரிகிறது.

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்கள் பலவற்றில் "30 ஃப்ரேம், 1/60" என்பார்கள். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது சரி. நமக்கு 25 ஃப்ரேம், 1/50. மெனுவில் 25 காணவில்லை என்றால் கேமரா NTSC-யில் இருக்கும், PAL-க்கு மாற்றுங்கள். சில கேமராக்கள் அப்போது கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். உள்ளே இருப்பதை முன்னாடியே காப்பி எடுத்துவிடுங்கள்.

சினிமா அசைவுக்கும் இதே 1/50 தான் வேண்டும். ஆச்சியின் பாக்குவெட்டி மூடும்போது விரல் நுனி லேசாக இழுபட்டுத் தெரியும், அதுதான் அழகு. 1/200 வைத்தால் கை வெட்டி வெட்டி நகரும். வெளிச்சம் போதவில்லை என்று 1/25-க்கு இறங்கினால் விரல்கள் புகையாகிவிடும். 1/50 வைத்த பிறகு ஷட்டரைத் தொடவே கூடாது.

அடுத்து அப்பர்ச்சர்

f/1.8 இருக்கிறதே என்று முழுசாகத் திறக்கத் தோன்றும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை எடுத்தால், அதில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. தான். ஆச்சி பாக்கை எடுக்கக் குனிந்தாலே முகம் ஃபோகஸை விட்டுப் போய்விடும். f/2.8-இல் அது 17 செ.மீ. ஆகிறது. பின்னால் இருக்கும் மரத்தூண் அப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். அசையும் ஆளுக்கு f/2.8, அசையாத பொருளுக்கு f/1.8 என்பது என் கணக்கு.

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் ராத்திரிக்கு எனக்குப் பிடிக்காது. 50 எம்எம் பக்கம் ஜூம் செய்தால் பெரும்பாலும் f/5.6-க்கு மேல் திறக்காது. f/2.8-ஐ விட நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும்.

விளக்கு, அப்புறம் ஐஎஸ்ஓ

கூரை டியூப்லைட்டை அணைத்தேன். "ஏல, லைட்ட அணைச்சிட்டு என்னத்தல படம் புடிக்க?" என்றாள் ஆச்சி. ஒரு 9 வாட்ஸ் மஞ்சள் எல்இடி பல்பைக் காகிதக் கூட்டுக்குள் போட்டு, அவள் முகத்துக்கு மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் வைத்தேன். ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் நிழல். ரிங் லைட் இந்த நிழலைக் கொன்றுவிடும், வாங்காதீர்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 3200-இல் பூட்டிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ மட்டும். வெளிச்சமான கன்னம் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். எனக்கு 1600-இல் நின்றது. கிட் லென்ஸ் என்றால் 6400 கேட்டிருக்கும். புள்ளி விழுமே என்று பயந்து 400-இல் இருட்டாக எடுத்து, எடிட்டிங்கில் தூக்கினால் நிழல் முழுக்க அதைவிட அசிங்கமான புள்ளி கொதிக்கும். நிழல் கன்னம் கறுப்பாகவே இருக்கட்டும், அதற்காக ஐஎஸ்ஓவை ஏற்றாதீர்கள்.

பிற்சேர்க்கை: 1/50 வைத்தும் பட்டை ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கோயில் கொடை சமயத்தில் தொங்கவிடும் சீரியல் லைட், டிம்மர் போட்ட பல்பு இவையெல்லாம் தம் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் துடிக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எது அணையும்போது பட்டை போகிறதோ அதுதான் காரணம். அதை அணைத்தே வையுங்கள், இல்லை வேறு பல்புக்கு மாற்றிவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு: பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. ப்ரோ வீடியோ மோடில் ஷட்டரை 1/50-இல் வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் நகர்த்துங்கள். 30 ஃப்ரேம்தான் இருக்கிறது என்றாலும் 1/50 பட்டையை நிறுத்திவிடும்.