மேற்கோள் பதிவை எழுத்துப்படி எடுப்பது எப்படி: வெளிப்பதிவும் உட்பதிவும் கலக்காமல்

சமூக ஊடகத்தில் ஒருவர் மற்றவருடைய பதிவைத் தம் பதிவுக்குள் பெட்டி போட்டுக் காட்டி, அதற்கு மேலே தம் கருத்தை எழுதுவார். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பார்வையுள்ளவர்களுக்கு எது யாருடைய சொல் என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவர்களுக்கு அந்தப் படத்தை எழுத்தாகப் பெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எழுத்துப்படியை எடுக்கும் முறையை, எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். பயனர்களின் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

என் பெரியம்மா சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருக்கிறார். அவருக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. கைப்பேசி படித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் குடும்பக் குழுவில் வருவதைத் தெரிந்துகொள்வார். ஒரு மார்ச் மாதம் 5ஆம் தேதி மாலை, அவருடைய புளோக்கைப் பற்றிய ஒரு மேற்கோள் பதிவின் படம் குழுவுக்கு வந்தது. நான் பெயர், தேதிகளை விட்டுவிட்டு அதிலிருந்த வாசகத்தை மேலிருந்து கீழாக அப்படியே தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினேன்:

```
இத இன்னும் பகிர்ந்துட்டு இருக்காங்க. நேத்தே வேலை முடிஞ்சிருச்சு லா. அம்மாவ இப்பதான் கீழ கூட்டிட்டு போய்ட்டு வந்தேன். நாளைக்கு காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் நம்ம புளோக்ல லிஃப்ட் ஓடாது. வயசானவங்க மார்க்கெட் வேலைய இன்னைக்கே முடிச்சுக்குங்க.
```

வாசகத்தில் ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. ஆனால் பெரியம்மா இதை ஒரே ஆள் பேசியதாகக் கேட்டார். நேற்று ஏதோ ஒரு வேலை முடிந்துவிட்டது, நாளை இன்னொரு வேலைக்காக லிஃப்ட் நிற்கப்போகிறது என்று புரிந்துகொண்டு, மறுநாள் பலதுறை மருந்தகத்தில் இருந்த சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டார். உண்மையில் அந்த ‘நாளை’ 3ஆம் தேதி எழுதப்பட்டது, ‘நேற்று’ 5ஆம் தேதி எழுதப்பட்டது. இரண்டுமே குறிப்பது மார்ச் 4ஆம் தேதியைத்தான். அதைப் பிரித்துக் காட்டியவை படத்திலிருந்த மெல்லிய சாம்பல் கோடும் தேதிகளும்தான். அவற்றை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். இது என் தவறு. அன்றிலிருந்து கீழே உள்ள முறையைத்தான் பின்பற்றுகிறேன்.

முதல் படி: தட்டச்சு செய்வதற்கு முன் பெட்டியின் எல்லையைக் கண்டறியுங்கள்

படத்தைப் பெரிதாக்கி, பெட்டியின் மேல் கோடு எங்கே தொடங்குகிறது, கீழ்க் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெட்டிக்குள் இருப்பது உட்பதிவு, அதாவது மேற்கோளாக எடுக்கப்பட்டது. பெட்டிக்கு வெளியே, மேலும் கீழும் இருப்பவை யாவும் வெளிப்பதிவைச் சேர்ந்தவை. கீழே இருப்பதையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸ் தளத்தில் ஒரு பதிவைத் தொட்டுத் தனியாகத் திறந்தால், வெளிப்பதிவின் நேரமும் தேதியும் பெட்டிக்குக் கீழேதான் வரும். உட்பதிவின் தேதியோ பெட்டிக்குள், அதை எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள், உட்பதிவை முடித்த கையோடு அடுத்துக் கண்ணில் படும் தேதியை அதற்கே உரியதாக எழுதிவிடுவார்கள். எங்கள் படத்தில் பெட்டிக்குக் கீழே ‘மாலை 6:42, மார்ச் 5’ என்றும் பெட்டிக்குள் ‘மார்ச் 3’ என்றும் இருந்தன. இவற்றை மாற்றிப் போட்டிருந்தால், லிஃப்ட் 6ஆம் தேதி நிற்கும் என்று ஆகியிருக்கும்.

ஃபேஸ்புக்கில் அமைப்பு வேறு. அங்கே வெளிப்பதிவின் தேதி, பகிர்ந்தவரின் பெயருக்குக் கீழே மேற்பகுதியிலேயே இருக்கும். பகிரப்பட்ட பதிவில் படம் இருந்தால், பெரும்பாலும் படம் முதலில் வந்து, அதற்குக் கீழேதான் முதலில் எழுதியவரின் பெயரும் வாசகமும் வரும். ஆகவே ஒரு தளத்தில் பழகிய வரிசையை மற்றொரு தளத்துக்குக் கொண்டுபோகாமல், ஒவ்வொரு முறையும் கோட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: கோட்டைச் சொல்லாக எழுதுங்கள்

பெட்டிக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதுபோல, எழுத்துப்படியிலும் உட்பதிவுக்குத் தொடக்கக் குறிப்பும் முடிவுக் குறிப்பும் இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்கும் இந்தக் குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், பதிவிலிருந்து வந்த சொற்களை அடைப்பில்லாமல் எழுதுங்கள். எங்கள் படத்தை இப்போது எடுத்தால் இப்படி வரும்:

```
[ஒரு பதிவு; அதற்குள் மேற்கோளாக இன்னொரு பதிவு உள்ளது.]

[வெளிப்பதிவு: பயனர் அ, மார்ச் 5, மாலை 6:42]
இத இன்னும் பகிர்ந்துட்டு இருக்காங்க. நேத்தே வேலை முடிஞ்சிருச்சு லா. அம்மாவ இப்பதான் கீழ கூட்டிட்டு போய்ட்டு வந்தேன்.

[உட்பதிவு தொடக்கம்: பயனர் ஆ, மார்ச் 3]

> நாளைக்கு காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் நம்ம புளோக்ல லிஃப்ட் ஓடாது.
>
> வயசானவங்க மார்க்கெட் வேலைய இன்னைக்கே முடிச்சுக்குங்க.
>
> [படம்: லிஃப்ட் கதவில் ஒட்டிய அறிவிப்புத் தாள்; எழுத்து தெளிவாக இல்லை.]

[உட்பதிவு முடிவு]
```

முதல் வரியிலேயே இரண்டு பதிவுகள் உள்ளன என்று சொல்லிவிடுவதால், கேட்பவர் இன்னொரு குரல் வரப்போகிறது என்று எதிர்பார்த்திருப்பார். தேதியை வாசகத்துக்கு முன்னால் வைத்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். ‘நாளைக்கு’ என்ற சொல் காதில் விழும்போதே அது எந்த நாளுக்கு மறுநாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். லிஃப்ட் கதவுப் படம் உட்பதிவோடு வந்தது என்பதால் அதற்கான குறிப்பும் உட்பதிவின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

வாசகத்தில் எதையும் திருத்தாதீர்கள். ‘நேத்தே’ என்பதை ‘நேற்றே’ என்று மாற்றுவதும், ‘லா’வை நீக்குவதும் எழுத்துப்படி எடுப்பவரின் வேலை அல்ல. தவிர, இரண்டு பேரின் எழுத்து நடையில் இருக்கும் வேறுபாடே, யார் பேசுகிறார் என்பதைக் கேட்பவருக்கு உணர்த்தும். இருவரையும் ஒரே செந்தமிழில் பேச வைத்தால் அந்த உதவி போய்விடும்.

மூன்றாம் படி: மேற்கோள் குறியை மட்டும் நம்பாதீர்கள்

மேலே உட்பதிவின் வரிகளுக்கு முன்னால் இட்டிருக்கும் `>` குறி, எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையைப் பயன்படுத்தும் தளங்களில் அந்த வரிகளை உள்ளே தள்ளிக் காட்டும். வாட்ஸ்அப்பும் 2024 முதல் இந்தக் குறியை ஏற்கிறது. ஆனால் திரைவாசிப்பான் அதை எப்படிச் சொல்லும் என்பது கருவியையும் அதன் அமைப்பையும் பொறுத்தது. சில நேரம் ‘மேற்கோள்’ என்று அறிவிக்கும், சில நேரம் குறியின் பெயரைச் சொல்லும், சில நேரம் ஒன்றுமே சொல்லாது. ஆகவே குறி கண்ணுக்கு, அடைப்புக் குறிப்பு காதுக்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

மார்க்டவுனில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. `>` குறியிட்ட வாசக வரிக்கு அடுத்து, வெற்று வரி விடாமல் எழுதும் சாதாரண வரியையும் மார்க்டவுன் மேற்கோளின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். கீழே உள்ளதைப் பாருங்கள்:

```
> வயசானவங்க மார்க்கெட் வேலைய இன்னைக்கே முடிச்சுக்குங்க.
[உட்பதிவு முடிவு]
```

இங்கே முடிவுக் குறிப்பே பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பதிலாக வெளிப்பதிவின் வாசகம் அங்கே இருந்தால், அதுவும் உட்பதிவின் வாயில் போய் விழும். மேற்கோள் முடிந்ததும் ஒரு வெற்று வரி விட்டால் இது நேராது. இதற்கு எதிரான தவறும் உண்டு: உட்பதிவின் இரண்டு பத்திகளுக்கு நடுவே `>` இல்லாத வெற்று வரி விட்டால், ஒரே பதிவு இரண்டு மேற்கோள்களாக உடைந்து, இரண்டு பேர் பேசியதுபோல் தோன்றும். அதனால்தான் என் படியில் நடு வரிகளில் வெறும் `>` நிற்கிறது.

நான்காம் படி: படத்தில் இல்லாததை இல்லை என்றே எழுதுங்கள்

உட்பதிவு நீளமாக இருந்தால் தளம் அதைப் பாதியில் வெட்டிக் காட்டும். மூலப் பதிவு கிடைக்குமானால் பெட்டியைத் தொட்டுத் திறந்து முழு வாசகத்தையும் எடுங்கள். படம் மட்டுமே கையில் இருந்தால், வெட்டுப்பட்ட இடத்தில் `[உட்பதிவின் எஞ்சிய பகுதி படத்தில் இல்லை]` என்று எழுதி, பிறகு முடிவுக் குறிப்பைப் போடுங்கள். உட்பதிவை எழுதியவர் அதை நீக்கியிருந்தால், பெட்டியில் அது கிடைக்கவில்லை என்ற தளத்தின் அறிவிப்புதான் இருக்கும். அப்போது அந்த அறிவிப்பையே எழுத வேண்டும்; அங்கே என்ன இருந்தது என்று உங்களுக்கு நினைவிருந்தாலும் அதை உட்பதிவின் இடத்தில் வைக்காதீர்கள்.

நேரமும் அப்படித்தான். பெட்டிக்குள் ‘2 நாள்’ என்று மட்டும் இருந்தால், அதையே எழுதி, படம் பிடித்த தேதி உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கணக்கிட்ட தேதியை அடைப்புக்குள் சேர்க்கலாம். உறவினர்கள் தமிழ்நாட்டிலிருந்து அனுப்பும் படங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். செயலிகள் பொதுவாக நேரத்தைப் பார்ப்பவரின் கருவி நேரப்படி காட்டுகின்றன. எங்கள் படத்தைச் சென்னையில் ஒருவர் பிடித்திருந்தால், அதே வெளிப்பதிவு மாலை 4:12 என்று காட்டியிருக்கும், ஏனெனில் இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. படத்தில் உள்ளபடியே எழுதி, `[இந்திய நேரம்]` என்று சேர்த்தால் போதும்.

அனுப்புவதற்கு முன்

கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் திரைவாசிப்பானான டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை இயக்கி, திரையைப் பார்க்காமல் உங்கள் படியைக் கேளுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வாக்கியத்தில் நிறுத்தி, இதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தால் படியில் ஒரு குறிப்பு குறைகிறது என்று பொருள். மிக நீண்ட உட்பதிவுகளில் தொடக்கக் குறிப்பு மறந்துபோகிறது என்று பெரியம்மா சொன்னதால், நான்கு ஐந்து பத்திகளுக்கு மேல் போனால் நடுவில் `[உட்பதிவு தொடர்கிறது: பயனர் ஆ]` என்று ஒரு வரி சேர்க்கிறேன். குறுகிய பதிவுகளில் இதைச் செய்ய வேண்டாம், கேட்பதற்குத் தடங்கலாகிவிடும்.

படியைப் படத்துக்கான தலைப்பாகவோ, படத்துக்குப் பதில் அனுப்பும் செய்தியாகவோ போடுங்கள். தனிச் செய்தியாக அனுப்பினால் குழுவில் நடுவே வேறு செய்திகள் வந்து விழுந்து, அது எந்தப் படத்துக்குரியது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.