அனுப்பிய பிட்காயின் ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை? மெம்பூலும் கன்ஃபர்மேஷனும்

வாலெட்டில் 'அனுப்பு' அழுத்தியதும் பணம் போய்விடுவதில்லை. கையெழுத்திட்ட பரிவர்த்தனை வலையமைப்பின் கணினிகளான நோடுகளுக்குப் பரவி, ஒவ்வொரு நோடின் காத்திருப்புப் பட்டியலான மெம்பூலிலும் காத்திருக்கிறது. மைனர் அதை எடுத்து ஒரு பிளாக்கில் சேர்க்கும்வரை அது வெறும் கோரிக்கைதான்.

1. எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பரிவர்த்தனை எண்ணை (txid) mempool.space தளத்தில் போட்டுத் தேடுங்கள். நான் வாலெட் காட்டும் 'நிலுவை' என்பதை நம்புவதில்லை, இதைத்தான் பார்ப்பேன். Unconfirmed என்று இருந்தால் இன்னும் மெம்பூலில்தான் இருக்கிறது.

2. கட்டண விகிதத்தைப் பாருங்கள். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற வரிசை மெம்பூலில் கிடையாது. அனுப்பும் தொகை பெரிதா சிறிதா என்பதும் பொருட்டில்லை. பிளாக்கில் இடம் குறைவு என்பதால், இடத்தை அளக்கும் அலகான vB ஒவ்வொன்றுக்கும், பிட்காயினின் மிகச் சிறிய அலகான சடோஷி எத்தனை தருகிறீர்கள் என்றுதான் மைனர் பார்ப்பார்.

உதாரணமாக, 141 vB அளவுள்ள பரிவர்த்தனைக்கு 282 சடோஷி கட்டணம் வைத்தால் விகிதம் 2 sat/vB. அந்த நேரத்தில் மற்றவர்கள் 12 தருகிறார்கள் என்றால் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

3. அவசரமென்றால் கட்டணத்தை உயர்த்துங்கள். RBF வசதியுள்ள வாலெட்டில் இதே பரிவர்த்தனையை 15 sat/vB-க்கு, அதாவது 2115 சடோஷிக்கு, மாற்றி அனுப்பலாம். இந்த வசதி இல்லாத வாலெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றியதும் txid-யும் மாறிவிடும். பெறுபவரிடம் புதிய எண்ணைக் கொடுங்கள், பழையதைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

4. கன்ஃபர்மேஷனை எண்ணுங்கள். பரிவர்த்தனை 900000-ஆவது பிளாக்கில் ஏறியதும் ஒரு கன்ஃபர்மேஷன். சங்கிலி 900002-ஐ எட்டும்போது மூன்று. பிளாக்குக்குச் சராசரியாக 10 நிமிடம், ஆனால் சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

ஒன்றே போதாதா? இரண்டு மைனர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிளாக் கண்டுபிடித்தால் சங்கிலி இரண்டாகப் பிரியும். அதிகக் கணிப்பு வேலை சேர்ந்த கிளை நிலைக்கும், மற்றது கைவிடப்படும். கைவிடப்பட்ட பிளாக்கில் இருந்த உங்கள் பரிவர்த்தனை வழக்கமாக மெம்பூலுக்குத் திரும்பிவிடும். ஆனால் அனுப்பியவர் அதே காசை வென்ற கிளையில் வேறு முகவரிக்கு அனுப்பியிருந்தால், உங்களுக்கு வரவேண்டியது செல்லாமல் போகும்.

மேலே பிளாக்குகள் அடுக்க அடுக்க இந்த ஆபத்து குறைகிறது. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோவின் 2008 கட்டுரைக் கணக்குப்படி, வலையமைப்பின் 10% கணிப்புத் திறன் கொண்ட மோசடிக்காரர் 5 பிளாக் பின்தங்கியிருந்தால் எட்டிப்பிடிக்கும் வாய்ப்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே. 30% திறன் இருந்தால் அதுவே ஏறத்தாழ 17.7%. அதனால் சிறு தொகைக்கு ஒன்றிரண்டு போதும். பெரிய தொகைக்கு வழக்கமான ஆறு வரை பொறுத்திருங்கள்.

பின்சேர்க்கை: 'பல நாளாக நிற்கிறது, பணம் போச்சா?' என்று கேட்டிருந்தார்கள். போகவில்லை. பிட்காயின் கோர் மென்பொருளில் ஓடும் நோடுகள் இயல்பாக 14 நாளுக்குப் பிறகு அதை மெம்பூலிலிருந்து நீக்கிவிடும், காசு உங்கள் முகவரியிலேயே இருக்கும். ஆனால் பழைய பரிவர்த்தனையை யாராவது மறுபடி பரப்பினால் அது இன்னும் செல்லும். ஆகவே புதிதாக அனுப்பும்போது பழையது பயன்படுத்திய அதே காசையே தேர்ந்தெடுத்துச் செலவிடுங்கள். அப்போதுதான் இரண்டில் ஒன்று மட்டுமே ஏறும்.