லீப் செய்தபின் வரும் கர்ப்பம்: எழுதாமல் விட்ட மில்லிமீட்டர்

கருப்பைவாயில் முன்புற்று மாற்றம் இருந்தால், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தத் திசுவைச் சீவி எடுப்பது லீப். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதனாலேயே செய்பவருக்கும் செய்துகொள்பவருக்கும் இது ஓர் ஆபரேஷனாகவே தோன்றுவதில்லை. புதிதாகப் பணிக்கு வருபவர்களின் தவறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

சிஐஎன் 1-க்கு அவசரப்படுவது

முன்புற்று மாற்றத்தின் மிக லேசான படி இது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் தானே மறையும். பரிசோதனையைத் தொடருங்கள், வளையத்தைத் தொடாதீர்கள்.

கர்ப்பத்தை நினைத்து சிஐஎன் 3-ஐ விட்டுவைப்பது

முன்புற்று மாற்றத்தின் முற்றிய படி இது, வேறு கதை. சிகிச்சையின்றி விட்டால் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்குப் புற்றாகிறது என்பதை நியூசிலாந்து அனுபவம் காட்டியது. சிகிச்சை கட்டாயம் வேண்டும். எவ்வளவு ஆழம் எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை.

ஆழத்தை எழுதாமல் விடுவது

இன்னும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கருப்பைவாயின் நீளமே மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். எடுத்த துண்டின் ஆழம் 10 மி.மீ.க்குள் இருந்தால் பின்னாளில் குறைப்பிரசவ ஆபத்து கொஞ்சம்தான் கூடும். அதைத் தாண்டத் தாண்ட ஏறிக்கொண்டே போகும். நீளம் குறைவதோடு, கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் உறுதியான திசுவும், கிருமியைத் தடுக்கும் சளியைச் சுரக்கும் சுரப்பிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

ஆகவே துண்டை ஃபார்மலினில் போடுமுன் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். ஃபார்மலினில் திசு சுருங்கிவிடும். மேலே இன்னொரு சிறு துண்டு எடுத்திருந்தால் இரண்டின் ஆழத்தையும் கூட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் "லீப் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால் பிரசவம் பார்ப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "ஆழம் 12 + 6 = 18 மி.மீ." என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

அது எழுதப்படாவிட்டால் நடப்பது இப்படித்தான் இருக்கும். 27 வயதுப் பெண், சிஐஎன் 3, எடுத்தது அதே 18 மி.மீ. இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் கர்ப்பம். "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்கிறார்கள். "இல்லைங்க டாக்டர், பயாப்ஸி மாதிரி சின்னதா ஏதோ எடுத்தாங்க" என்கிறார். அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது. 20 வாரத்தில் ஸ்கேன், கருப்பைவாய் 36 மி.மீ., நார்மல். 21-வது வாரம் அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் ஒரு பாரம், சளிபோல வெள்ளைப்படுதல். வலி இல்லாததால் அவர் பொறுத்துக்கொள்கிறார். 22-வது வாரம் வரும்போது வாய் திறந்து பனிக்குடம் வெளியே பிதுங்கி நிற்கிறது. மறுநாள் குழந்தை போய்விடுகிறது.

வலியே இல்லாமல் திறப்பதுதான் வலுவிழந்த கருப்பைவாயின் அடையாளம். அதனால் "வலி வந்தா வாங்க" என்று அனுப்புவது இவருக்குப் பொருந்தாத அறிவுரை.

வயிற்றின் மேல் வைத்து அளப்பது

அந்த 36 எங்கிருந்து வந்தது? நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பைவாயை அழுத்தி நீளமாகக் காட்டும், திறக்கத் தொடங்கிய உள்வாயையும் மூடியதுபோலக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, உள்வழி ஸ்கேனில்தான் அளக்க வேண்டும். கருவியை அழுத்தக் கூடாது. அழுத்தினாலும் நீளம் கூடித் தெரியும். உள்வாயிலிருந்து வெளிவாய் வரை நேர்கோட்டில் மூன்று முறை அளந்து, மிகக் குறைந்ததை எழுதுங்கள். சராசரி போடாதீர்கள். ஆழமான லீப் செய்தவருக்கு 18 முதல் 22 வாரத்துக்குள் ஒரு முறையாவது இது தேவை. 25 மி.மீ.க்குக் கீழே இருந்தால் குறுகியது. முன்பு இழப்பு இல்லாத, ஒற்றைக் குழந்தை சுமப்பவருக்கு, இரவில் 200 மி.கி. புரோஜெஸ்டிரோனை யோனியில் வைப்பது வழக்கமான முதல் படி.

லீப் செய்த எல்லோருக்கும் தையல் போடுவது

கருப்பைவாய் திறக்காமல் இருக்க அதைச் சுற்றிப் போடும் தையல் எல்லோருக்கும் தேவையில்லை. நீளம் சரியாக இருந்தால் அளந்து பார்ப்பதோடு சரி.

படுத்தே இருக்கச் சொல்வது

பலன் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

இழப்புக்குப் பிறகு "அடுத்தது பார்த்துக்கலாம்" என்பது

மேலே சொன்ன பெண்ணின் அடுத்த கர்ப்பத்தில் கணக்கே வேறு. லீப்போடு ஓர் இழப்பும் சேர்ந்துவிட்டது. 16 வாரத்திலிருந்து 24 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்வழி ஸ்கேன் எடுக்க வேண்டும். 18 வாரத்தில் 22 மி.மீ. வந்தால், கசிவோ தொற்றோ ரத்தப்போக்கோ இல்லையென்று பார்த்துவிட்டுத் தையல் போடலாம். மக்டொனால்டு முறை எளிது. மும்பையில் ஷிரோட்கர் 1950-களில் வகுத்த முறையில் சிறுநீர்ப்பையைத் தள்ளி இன்னும் மேலே போட வேண்டும். தைக்கப் பிடிமானமே இல்லாத அளவு வாய் கரைந்திருந்தால், வயிறு வழியாகப் போடும் தையல்தான் வழி. அப்படிப் போட்டால் பிரசவம் சிசேரியன்தான். கீழ்வழித் தையலை 36-37 வாரத்தில் பிரிக்க வேண்டும். பிரிக்கும் தேதியையும், அதற்கு முன் வலியோ நீரோ வந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் தையல் போட்ட அன்றே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தையலோடு பிரசவவலி வந்தால் கருப்பைவாய் கிழியலாம்.